சொந்த மனையில் வீடு கட்டும்போது கட்டம் கட்டமாக வரும் கடனும் ப்ரீ-இஎம்ஐ வட்டியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

30 லட்சம் சாங்ஷன் ஆகிவிட்டது என்றார்கள். ஆனால் கணக்கில் 6 லட்சம்தான் வந்திருக்கிறது. மீதி எங்கே?

மீதி வங்கியிடமே இருக்கிறது. சாங்ஷன் என்பது "இவ்வளவு வரை தருவோம்" என்ற ஒப்புதல் மட்டும்தான். பணம் சுவர் ஏற ஏறத்தான் வரும். கட்டி முடிந்த வீட்டை வாங்கினால் பத்திரப்பதிவு அன்றே முழுத் தொகையும் ஒரே காசோலையில் போய்விடும். நீங்கள் கட்டப் போகும் வீடோ இன்று வெறும் மனை. அதன் மீது 30 லட்சத்தையும் கொடுத்துவிட்டு, நாளை வேலை நின்றுபோனால் வங்கிக்கு மிஞ்சுவது மனையும் நாலு தூணும்தான். கட்டுமானத்தின் நிலையைப் பார்த்துத்தான் வீட்டுக் கடனை விடுவிக்க வேண்டும், முன்கூட்டியே மொத்தமாகக் கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சொன்னது. அதனால் மேனேஜரைத் தெரியும் என்பதால் இது மாறாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் கை முதல்தான் முதலில் மண்ணுக்குள் போக வேண்டும். 40 லட்சம் எஸ்டிமேட்டுக்கு 30 லட்சம் கடன் என்றால், மீதி 10 லட்சத்தை நீங்கள் போட்டு வேலை தொடங்கியிருப்பதைப் பார்த்த பிறகே பெரும்பாலான வங்கிகள் முதல் பணத்தை விடுவிக்கும். அந்தப் பத்து லட்சத்தைக் கடைசியில் டைல்ஸுக்கும் வார்ட்ரோபுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டவர்கள் அஸ்திவாரத்திலேயே திணறுகிறார்கள்.

இஎம்ஐ இன்னும் தொடங்கவில்லை என்கிறார்கள். ஆனால் மாதா மாதம் பணம் பிடிக்கிறார்களே, அது என்ன?

அதுதான் ப்ரீ-இஎம்ஐ வட்டி. இதுவரை உங்கள் கைக்கு வந்த தொகைக்கு மட்டும் வட்டி. வராத தொகைக்கு வட்டி கிடையாது. இதில் அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது. பத்து மாதம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் ஸ்டேட்மென்டில் அசல் அப்படியே நிற்பதைப் பார்த்துப் பலர் பதறிப் போகிறார்கள். தவறு எதுவும் நடக்கவில்லை, இந்தக் கட்டணத்தின் இயல்பே அதுதான்.

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியது, பெரும்பாலான வங்கிகளில் 20 வருடக் கெடு ப்ரீ-இஎம்ஐ காலம் முடிந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். அதாவது இப்போது கட்டுவது அந்த 240 தவணைகளுக்கு வெளியே கட்டுவது. சில வங்கிகள் இந்தக் காலத்தையும் கெடுவுக்குள்ளேயே அடக்கி, மீதி மாதங்களுக்குத் தவணையைக் கொஞ்சம் கூட்டிப் போடும். உங்களுக்கு எது என்று சாங்ஷன் லெட்டரில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மொத்தத்தில் எவ்வளவு ஆகும்? ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்களேன்.

1,600 சதுர அடி வீடு, எஸ்டிமேட் 40 லட்சம், கடன் 30 லட்சம், வட்டி 8.5 சதவீதம், 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். முழு இஎம்ஐ 26,035 ரூபாய்.

சொந்தப் பணம் 10 லட்சத்தில் அஸ்திவாரமும் பேஸ்மென்டும் முடிகின்றன. ஜூன் 1-ல் வங்கி 6 லட்சம் தருகிறது. அதில் கதவு ஜன்னலின் மேல்மட்டமான லிண்டல் வரை சுவர் எழும்புகிறது. ஆகஸ்ட் 1-ல் 9 லட்சம் வருகிறது, ரூஃப் காங்கிரீட் போடுகிறீர்கள். நவம்பர் 1-ல் இன்னொரு 9 லட்சம், பூச்சு வேலை, எலக்ட்ரிக்கல், பிளம்பிங். பிப்ரவரி 1-ல் கடைசி 6 லட்சம், தரை, கதவு, பெயின்ட். மார்ச் கடைசியில் வீடு தயார்.

இனி வட்டி. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் 6 லட்சத்துக்கு மாதம் 4,250. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை 15 லட்சத்துக்கு மாதம் 10,625. நவம்பரிலிருந்து ஜனவரி வரை 24 லட்சத்துக்கு மாதம் 17,000. பிப்ரவரியும் மார்ச்சும் முழு 30 லட்சத்துக்கு மாதம் 21,250. எல்லாம் கூட்டினால் 1,33,875 ரூபாய். ஏப்ரலில் முதல் இஎம்ஐ தொடங்கும்போது கடன் அப்போதும் 30 லட்சம்தான்.

இந்த ஒன்றே கால் லட்சத்துக்கு மேலான தொகையை யாரும் எஸ்டிமேட்டில் எழுதுவதில்லை. இன்ஜினியர் எழுத மாட்டார், அது அவர் வேலை இல்லை. வாடகை வீட்டில் இருந்துகொண்டு கட்டுகிறவர்கள் பத்து மாத வாடகையையும் இதையும் சேர்த்து ஒரு தனி வரியாக எழுதி வைத்தால்தான் உண்மையான செலவு கண்ணில் படும்.

முதல் மாதம் 4,250 வரும் என்று நினைத்தேன். வேறு ஏதோ தொகை பிடித்திருக்கிறார்கள். சரிதானா?

பணம் மாத நடுவில் வந்திருந்தால் அந்த மாதத்துக்கு நாள் கணக்கில்தான் வட்டி. 6 லட்சத்துக்கு 8.5 சதவீதத்தில் ஒரு நாள் வட்டி ஏறக்குறைய 140 ரூபாய். ஜூன் 20-ஆம் தேதி பணம் வந்தால் ஜூனுக்கு 11 நாள், சுமார் 1,537 ரூபாய். 4,250-க்கும் குறைவாக இருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கூடுதலாக இருந்தால்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பணம் 20-ஆம் தேதி கையில் வந்திருக்கும், வட்டி மட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட 5-ஆம் தேதியிலிருந்து ஓடியிருக்கும். அல்லது காசோலையில் ஒரு தேதி, உங்களிடம் கொடுத்தது பல நாள் கழித்து. அல்லது 11 நாளுக்குப் பதில் முழு மாத வட்டி. இந்த மூன்றையும் சோதனைகளில் கண்டதாகவும், இவை நியாயமான நடைமுறை அல்ல என்றும் ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 29-ஆம் தேதி சுற்றறிக்கையில் எழுதி, கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தரச் சொன்னது. வங்கிகளுக்கு மட்டுமல்ல, வீட்டுக் கடன் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். கிளையில் பேசும்போது இந்தத் தேதியைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். ஆதாரமாக உங்கள் சேமிப்புக் கணக்கில் பணம் ஏறிய நாளைக் காட்டும் ஸ்டேட்மென்ட் போதும். 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. வீட்டுக் கடன் நிறுவனமாக இருந்தால் புகார் போகும் இடம் தேசிய வீட்டுவசதி வங்கி.

ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகுதான் பணம் என்றால், அதற்குள் மேஸ்திரிக்கும் கம்பிக்கும் எதைக் கொடுப்பது?

இந்த முழு விஷயத்திலும் ஆட்களை உண்மையில் வாட்டுவது இதுதான். வட்டி விகிதத்தைப் பற்றி கால் சதவீதத்துக்குப் பேரம் பேசியவர்கள்கூட இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

முந்தைய கட்டம் முடிந்ததைப் பார்த்துத்தான் அடுத்த கட்டப் பணம். ஆனால் வேலை முடிந்த நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் நடுவில் ஒரு இடைவெளி உண்டு. நீங்கள் கடிதம் கொடுக்க வேண்டும், வங்கியின் வேல்யூயர் வந்து பார்த்துப் படம் எடுக்க வேண்டும், அவர் அறிக்கை கிளைக்குப் போக வேண்டும், அங்கிருந்து கடன் பிரிவுக்குப் போய் ஒப்புதல் வர வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே ஒரு வாரம், பத்து நாள். நடுவில் பண்டிகை விடுமுறையோ மேனேஜர் மாறுதலோ வந்தால் மூன்று வாரம். சனிக்கிழமைச் சம்பளம் இதற்கெல்லாம் காத்திருக்காது. இரண்டு சனிக்கிழமை பணம் தராவிட்டால் கொத்தனார் அடுத்த ஊர் வேலைக்குப் போய்விடுவார். அவரைத் திரும்பப் பிடிக்க ஒரு மாதம்.

ரூஃப் காங்கிரீட் இதில் மிக மோசமான இடம். சுவர் வேலையில் செலவு நாள் நாளாகப் பிரிந்து போகும். காங்கிரீட்டுக்கோ கம்பி மொத்தமாக இறங்க வேண்டும், சென்ட்ரிங் பலகைக்கு வாடகை ஓட வேண்டும், சிமென்டும் ஜல்லியும் வந்து குவிய வேண்டும், கலவை மிஷினும் ஆட்களும் ஒரே நாளில் வந்து நிற்க வேண்டும். பாதி போட்டு நிறுத்த முடியாது. அதனால் லிண்டல் மட்டம் வந்தவுடன் கடிதம் கொடுப்பதைவிட, லிண்டலுக்கு இன்னும் நாலைந்து வரிசைச் செங்கல் இருக்கும்போதே வேல்யூயர் வரும் நாளைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். லிண்டல் முடிந்த மறுநாள் அவர் அங்கே நிற்க வேண்டும்.

இதோடு, ஒரு கட்டத்தின் செலவில் மூன்றில் ஒரு பங்காவது சுழலும் பணமாகக் கையில் இருக்கட்டும். மேலே சொன்ன கணக்கில் மூன்று லட்சம். எஸ்டிமேட் போட்டுக்கொள்ளும் நேரத்திலேயே இதற்கு வழி பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் நகையை அடகு வைப்பீர்கள், அல்லது தனிநபர்க் கடன் எடுப்பீர்கள். அந்த வட்டி வீட்டுக் கடன் வட்டியைவிட அதிகம்.

கட்டங்களை எப்படிப் பிரிப்பது என்பதையும் சாங்ஷனுக்கு முன்னாலேயே பேசலாம். நான்கு பெரிய கட்டமாக இருப்பதை ஐந்தோ ஆறோ ஆக்கித் தரச் சில கிளைகள் சம்மதிக்கும். ஒவ்வொரு முறையும் பார்வைக் கட்டணம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

9 லட்சம் வரும் என்று நினைத்தேன். வேல்யூயர் பார்த்துவிட்டு 7 லட்சம்தான் என்று எழுதிவிட்டார். ஏன்?

நீங்கள் எவ்வளவு செலவு செய்தீர்கள் என்பதை அவர் கணக்கில் எடுப்பதில்லை. தளத்தில் நிற்கும் வேலை, எஸ்டிமேட்டில் எத்தனை சதவீதம் என்றுதான் பார்ப்பார். ஷெட்டில் அடுக்கியிருக்கும் டைல்ஸும், முன்பணம் கொடுத்த தேக்குக் கதவும் சுவரில் ஏறாதவரை பலர் கணக்கில் வரவே வராது. போர் போட்ட செலவும் காம்பவுண்டுச் செலவும் எஸ்டிமேட்டில் இல்லை என்றால் அதுவும் வராது.

இன்னொரு காரணம் கொஞ்சம் கடுமையானது. அனுமதி வாங்கிய வரைபடத்தை மீறியிருந்தால், பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தில் சுவரைத் தள்ளிக் கட்டியிருந்தாலோ, படத்தில் இல்லாத ஒரு அறையை மேலே எழுப்பியிருந்தாலோ, அவர் அதை அறிக்கையில் எழுதியாக வேண்டும். அப்போது தொகை குறைவதோடு நிற்காது, மீதிப் பணமே நின்றுபோகலாம். திருத்திய வரைபடத்துக்கு அனுமதி வாங்கிக் கொடுக்கும்வரை வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். "கட்டும்போது பார்த்துக்கலாம்" என்று மேஸ்திரி சொல்லும் அந்தக் கூடுதல் இரண்டடி பால்கனிக்கு இந்த விலை உண்டு.

தொகை குறைந்ததாகத் தோன்றினால் அறிக்கையில் என்ன சதவீதம் போட்டிருக்கிறார் என்று கிளையில் கேளுங்கள். உங்கள் இன்ஜினியரிடம் கட்ட வாரியாக ஒரு சான்று வாங்கிக் கொடுத்தால் மறுபடி பார்க்க வாய்ப்பு உண்டு.

பூச்சு வேலையில் நாலு மாதம் நின்றுவிட்டது. நஷ்டம் எவ்வளவு இருக்கும்?

மேலே சொன்ன கணக்கில் அப்போது கைக்கு வந்திருப்பது 24 லட்சம். மாதம் 17,000 வீதம் நாலு மாதத்துக்கு 68,000 ரூபாய் வட்டி. வாடகை 12,000 என்றால் அதில் 48,000. ஆக 1,16,000 ரூபாய், அசலும் குறையவில்லை, வீடும் ஓர் அங்குலம் நகரவில்லை.

இதே நிறுத்தம் பேஸ்மென்ட் மட்டத்தில், 6 லட்சம் மட்டும் எடுத்த நிலையில் நடந்திருந்தால் வட்டி 17,000-தான் ஆகியிருக்கும். வேலை நிற்கக்கூடும் என்று தெரிந்தால், மழைக்காலமோ, வீட்டில் கல்யாணமோ, எதுவானாலும் பெரிய தொகையை எடுப்பதற்கு முன்னால் நிற்கட்டும். தேவைக்கு முன்னால் பணத்தை எடுத்துச் சேமிப்புக் கணக்கில் போட்டு வைப்பதும் இதே வகைச் செலவுதான். 6 லட்சத்தை மூன்று மாதம் முன்னதாக எடுத்தால் 12,750 ரூபாய்.

கெடு ஒன்றும் இருக்கிறது. வீடு முடிந்தாலும் முடியாவிட்டாலும், முதல் பணம் எடுத்த நாளிலிருந்து இத்தனை மாதத்தில் இஎம்ஐ தொடங்கிவிடும் என்று சாங்ஷன் லெட்டரில் எழுதியிருப்பார்கள். 18 மாதம் என்பது பரவலாக இருக்கும் ஒரு அளவு. அந்த நாள் வந்தால் அரைகுறை வீட்டுக்கு இஎம்ஐ, இருக்கும் வீட்டுக்கு வாடகை, இரண்டும் சேர்ந்து விழும். தாமதமாகும் என்று தெரிந்தால் கெடு முடிவதற்கு முன்பே நீட்டிப்புக் கேட்டுக் கடிதம் கொடுங்கள், முடிந்த பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.

இப்போதிருந்தே முழு இஎம்ஐ கட்டிவிட்டால் என்ன?

வங்கி அனுமதித்தால், உங்களால் முடிந்தால், தாராளமாகக் கட்டுங்கள். வட்டி போக மிஞ்சுவது நேராக அசலில் கழியும். நம் கணக்கிலேயே ஜூனிலிருந்து மாதம் 26,035 கட்டி வந்தால் மார்ச் முடிவில் பாக்கி சுமார் 28.68 லட்சமாக இருக்கும். பிறகு அதே இஎம்ஐயைத் தொடர்ந்தால் 240 மாதத்துக்குப் பதில் 215 மாதத்தில் கடன் முடிந்துவிடும். கட்டும் காலத்தில் கூடுதலாகப் போனது சுமார் 1.26 லட்சம், பிற்பாடு குறைவது 25 தவணை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 1.26 லட்சம் உங்களிடம் சும்மா இருக்கும் பணமா என்பதுதான் கேள்வி. அதே பணம் இல்லாமல் காங்கிரீட் ஒரு மாதம் தள்ளிப்போனால், அல்லது தனிநபர்க் கடன் எடுக்க வேண்டி வந்தால் லாபம் கரைந்துவிடும். என் கருத்தைக் கேட்டால், கட்டி முடியும்வரை வட்டி மட்டும் கட்டுங்கள், சுழலும் பணத்தைக் கையில் வைத்திருங்கள், குடி போன பிறகு மிஞ்சியதை ஒரே தவணையாக அசலில் போடுங்கள். மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. வாடகை இல்லாமல் சொந்தபந்தத்தின் வீட்டிலிருந்து கட்டுகிறவர்களுக்கு மட்டும் முழு இஎம்ஐ முதலிலிருந்தே சரிப்படும்.

"இப்போது வட்டியும் கட்ட வேண்டாம், அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

சில வங்கிகள் இந்த வசதியைத் தருகின்றன. கட்டாத வட்டி மாதா மாதம் அசலில் ஏறும், அடுத்த மாதம் அதற்கும் வட்டி விழும். நம் கணக்கில் 30 லட்சம், மார்ச் முடிவில் 31.37 லட்சமாகியிருக்கும். இஎம்ஐ 27,224. மாதம் சுமார் 1,190 ரூபாய்தான் கூடுதல், ஆனால் 20 வருடத்துக்குக் கூட்டினால் 2.85 லட்சம். அன்று கட்டாமல் விட்டது 1.34 லட்சம். வேறு வழியே இல்லாதபோது மட்டும் எடுங்கள்.

இந்த வசதியை எழுத்தில் வாங்காமல் நீங்களாகக் கட்டாமல் விடுவது வேறு கதை. ப்ரீ-இஎம்ஐ தவறினாலும் அது தவறிய தவணைதான், சிபில் அறிக்கையில் ஏறும், அடுத்த கட்டப் பணமும் நிற்கும்.

இந்த வட்டிக்கு வருமான வரியில் கழிவு உண்டா?

பழைய வரி முறையில் உண்டு. 1961 சட்டத்தில் 24(பி) என்று எல்லோருக்கும் பழகிய விதி. வீடு முடியும்வரை கழிக்க முடியாது. வீடு முடிந்த நிதியாண்டுக்கு முந்தைய மார்ச் 31 வரை கட்டிய வட்டியைக் கூட்டி ஐந்தாகப் பிரித்து, வீடு முடிந்த ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டுகள் கழிக்கலாம். நீங்களே குடியிருக்கும் வீட்டுக்கு அந்தந்த ஆண்டின் வட்டியும் இந்தப் பங்கும் சேர்ந்து 2 லட்சம்தான் உச்சம்.

இதில்தான் சிக்கல். நம் கணக்கில் வீடு மார்ச்சைத் தாண்டி ஏப்ரலில் முடிந்தால் 1,33,875-ஐ ஐந்தாகப் பிரித்து ஆண்டுக்கு 26,775. ஆனால் முதல் ஆண்டு இஎம்ஐ வட்டியே இரண்டரை லட்சத்துக்கு மேல். உச்சவரம்பு அதிலேயே நிறைந்துவிட்டது, 26,775-க்கு இடமே இல்லை. அதே வீடு மார்ச் 31-க்குள் முடிந்திருந்தால்? அந்த ஆண்டு வட்டி 1,33,875 முழுவதும் அந்த ஆண்டிலேயே கழிந்திருக்கும். கடைசிப் பெயின்ட் வேலை மார்ச்சிலா ஏப்ரலிலா என்பதில் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. முடிந்த தேதிக்கு இன்ஜினியர் சான்று, வீட்டு வரி விதிப்பு ஆணை, தற்காலிக மின் இணைப்பு வீட்டு இணைப்பாக மாறிய ரசீது ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

கணவன் மனைவி இருவரும் வீட்டுக்கும் உரிமையாளர், கடனிலும் பங்காளி, இருவருக்கும் வருமானம் உண்டு என்றால் ஆளுக்கு 2 லட்சம் வரை கிடைக்கும். அப்போது அந்த 26,775 வீணாகாது. கடன் எடுத்த நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் வீடு முடியாவிட்டால் உச்சவரம்பு 30,000-ஆகச் சுருங்கும். புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இந்தக் கழிவே கிடையாது.

அபார்ட்மென்ட் புக் செய்திருக்கிறேன். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

வட்டிக் கணக்கு அதேதான். வேகம் மட்டும் உங்கள் கையில் இல்லை, பில்டர் கையில். அவர் "ஐந்தாவது மாடித் தளம் போட்டாயிற்று" என்று டிமாண்ட் லெட்டர் அனுப்பினால் பணம் போகும். உங்கள் பங்குக்கு ஒருமுறை தளத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வங்கிக்குச் சம்மதம் கொடுங்கள்.

எஸ்டிமேட்டைவிடக் குறைவாக முடிந்துவிட்டது. கடைசி 6 லட்சத்தில் 2 லட்சம் தேவையில்லை. என்ன செய்வது?

எடுக்காதீர்கள். எடுக்காத தொகைக்கு வட்டி இல்லை. ஆனால் சும்மா இருந்துவிடவும் கூடாது. மீதி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, கடன் தொகையை 28 லட்சமாக முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் சில வங்கிகளில் கடன் "முழுதும் கொடுக்கப்படவில்லை" என்ற நிலையிலேயே இருந்து, இஎம்ஐ தொடங்காமல் வட்டி மட்டும் பிடித்துக்கொண்டே போகும். குடி போய் மூன்று நாலு மாதமாகியும் ஸ்டேட்மென்டில் அசல் அப்படியே நின்றால் இதுதான் நடக்கிறது. கடிதம் கொடுத்தபின் 28 லட்சத்துக்கான புதிய தவணை அட்டவணையை வாங்கிப் பாருங்கள், இஎம்ஐ சுமார் 24,300 என்று இருக்க வேண்டும்.